சொட்டு மருந்து கொடுத்த பிறகும் பேதி ஏன்? ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து: ஓர் எளிய விளக்கம்

ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். இந்த மூன்று புதன்கிழமைகளில் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோய் வந்த தாய்மார்கள் பின்னாளில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வயிற்றுப்போக்கு வராமல் இருக்கத்தானே சொட்டு மருந்து கொடுத்தீர்கள்? பிறகு ஏன் பேதி வந்தது?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல நேரமில்லாத செவிலியர் “எல்லாப் பேதிக்கும் அது மருந்தில்லை அம்மா” என்று முடித்துவிடுவார். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். அந்த மருந்து எதைத் தடுக்கிறது, எந்த அளவுக்குத் தடுக்கிறது, மிச்சத்தை யார் பார்த்துக்கொள்வது என்பது தெரிந்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் பல. ஷிகெல்லா, காலரா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் உண்டு. நோரோ, அடினோ போன்ற வைரஸ்கள் உண்டு. இவற்றுள் ரோட்டா வைரஸுக்குத் தனி இடம். தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, கடும் வயிற்றுப்போக்கோடு இந்திய மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 10-இல் 4 பேரின் மலத்தில் இந்த வைரஸ் இருந்தது. மற்றக் கிருமிகள் எல்லாம் சேர்ந்து மிச்சம் ஆறைப் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே ஒரே கிருமிக்கு எதிராக மருந்து கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதே காரணத்தால், அந்த மருந்து கொடுத்த பிறகும் மற்றக் கிருமிகளால் பேதி வருவதில் வியப்பு இல்லை.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

சிறுகுடலின் உட்சுவரில் விரல் நுனி போன்ற நுண்ணிய மடிப்புகள் கோடிக்கணக்கில் நிற்கின்றன. குடலுறிஞ்சிகள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். உணவையும் நீரையும் உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் வேலை, இந்த உறிஞ்சிகளின் நுனியில் இருக்கும் முதிர்ந்த செல்களுடையது. ரோட்டா வைரஸ் தேடிப்போய்த் தாக்குவதும் அந்த நுனிச் செல்களைத்தான். அவை அழிந்துபோனால் குடித்த பால் செரிக்காது, நீர் உறிஞ்சப்படாது. போதாக்குறைக்கு, இந்த வைரஸ் உற்பத்தி செய்யும் ஒரு புரதம் நச்சுப் போலச் செயல்பட்டு, உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் கசியவைக்கிறது. உள்ளே போவது நின்று, வெளியே வருவது கூடுகிறது. அதனால்தான் இந்தப் பேதி தண்ணீராகவே போகிறது.

தொற்றிய 2 நாட்களுக்குள் அறிகுறி தொடங்கும். பெரும்பாலும் முதலில் வாந்தி, கூடவே காய்ச்சல், அடுத்து நீர்ப்பேதி. 3 முதல் 8 நாள்வரை நீடிக்கலாம். நுனிச் செல்கள் அழிந்தாலும் அடியிலிருந்து புதிய செல்கள் முளைத்து மேலேறி வந்துவிடும். குடல் தானாகவே பழுது பார்த்துக்கொள்ளும். அதுவரை குழந்தையின் உடலில் நீரும் உப்பும் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் கிடையாது. ஆன்டிபயாட்டிக் இங்கே எந்த வேலையும் செய்யாது. “பல் முளைக்கிறது, அதனால்தான் போகிறது” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் பல நேரம் இதே வயதில் நடக்கும் ரோட்டா தொற்றைத்தான். பல் முளைக்கும் வயதும் இந்த வைரஸ் கடுமையாகத் தாக்கும் வயதும், அதாவது 6 மாதம் முதல் 2 வயதுவரை, ஒன்றாக அமைந்துவிட்டதில் பற்களுக்குக் கெட்ட பெயர்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சுத்தத்தைக் கூட்டினால் காலராவும் ஷிகெல்லாவும் வெகுவாகக் குறையும். ரோட்டா அவ்வளவு எளிதில் மசியாது. 100-க்கும் குறைவான வைரஸ் துகள்கள் வாய்க்குள் போனாலே தொற்றிவிடும். நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்திலோ ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட துகள்கள் இருக்கக்கூடும். பொம்மையிலும் கதவுப் பிடியிலும் நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். இதனால்தான் குழாயில் சுத்தமான தண்ணீர் வரும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்கூட, தடுப்பு மருந்து வரும்வரை ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் 5 வயதுக்குள் ஒரு முறையாவது இதற்கு ஆளானார்கள். அங்கே மரணம் குறைவாக இருந்ததற்குக் காரணம் மருத்துவமனை பக்கத்தில் இருந்தது. தொற்று குறைவாக இருந்ததால் அல்ல.

டெல்லியிலிருந்தும் வேலூரிலிருந்தும் கிடைத்த பாடம்

தொற்றை முழுவதும் நிறுத்த முடியாது என்றால் தடுப்பு மருந்து எதற்கு? இந்த இடம்தான் விஷயத்தின் மையம்.

1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் எம்.கே. பான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் கவனித்தார்கள். பிறந்த சில நாட்களிலேயே பல குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்கு வயிற்றுப்போக்கே இல்லை. தொடர்ந்து கவனித்ததில், அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் கடும் ரோட்டா பேதி வருவதும் குறைவாக இருந்தது. குழந்தையை நோயாளியாக்காமலே உடலுக்குப் பாடம் கற்பிக்கும் சாதுவான வைரஸ் அது. 116இ என்று பெயரிடப்பட்ட அந்த வகையிலிருந்துதான் இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயன்படும் ‘ரோட்டாவேக்’ சொட்டு மருந்து பிறந்தது.

வேலூரில் நடந்தது வேறொரு ஆராய்ச்சி. ககன்தீப் காங் உள்ளிட்ட கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 373 குழந்தைகளை 3 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 6 மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்று வந்துவிட்டது. பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நோயின் கடுமை குறைந்துகொண்டே போனது. மூன்று முறை தொற்றிய பிறகு, மிதமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம். மெக்சிகோவில் முன்பு நடந்த இதே போன்ற ஆய்வில் இரண்டே தொற்றுகளுக்குப் பிறகு மிதமான, கடுமையான நோய் எந்தக் குழந்தைக்கும் வரவில்லை. நம் குழந்தைகளின் குடலுக்கு இந்தப் பாடம் மெதுவாகத்தான் ஏறுகிறது.

சொட்டு மருந்து செய்வதும் இதைத்தான். வாய் வழியாக, உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸைக் கொடுத்து, முதல் இரண்டு மூன்று தொற்றுகளை நோயில்லாமல் நடத்தி முடித்துவிடுகிறது. அரங்கேற்றத்துக்கு முந்திய ஒத்திகை என்று சொல்லலாம். பிறகு உண்மையான வைரஸ் வரும், தொற்றும்கூட, இரண்டு நாள் இளகிப் போகவும் செய்யலாம். குழந்தைக்குக் குளுக்கோஸ் ஏற்றும் நிலை வராமல் தடுப்பதுதான் மருந்தின் இலக்கு. “பேதி வந்ததே” என்று கேட்கும் தாயிடம் “ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்ததா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

எந்த அளவுக்குக் காக்கிறது

மழுப்பாமல் சொல்ல வேண்டிய எண் இது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில், ரோட்டாவேக் முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை ஏறத்தாழ 56 சதவீதம் குறைத்தது. அதாவது மருந்தில்லாமல் 100 குழந்தைகளுக்குக் கடுமையாக வந்திருக்குமானால், மருந்தோடு சுமார் 44 பேருக்கு வரும். வளர்ந்த நாடுகளில் இதே வகை வாய்வழி மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் காக்கின்றன. நம் மருந்து மட்டமானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அங்கே சக்கைப்போடு போடும் வெளிநாட்டு மருந்துகளும் ஆசியாவின், ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளுக்கு வந்தால் ஏறக்குறைய இந்த அளவுக்கே இறங்கிவிடுகின்றன.

காரணங்கள் பல ஒன்றுசேர்கின்றன. நம் தாய்மார்களே பலமுறை இந்த வைரஸைச் சந்தித்தவர்கள். அவர்களின் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயும் பாலின் வழியாகவும் குழந்தைக்குப் போய்ச்சேர்ந்து, மருந்தில் உள்ள வைரஸைப் பெருகவிடாமல் மடக்கிவிடலாம். குழந்தையின் குடலில் அந்த வேளையில் வேறு கிருமிகள் குடியிருக்கலாம். அன்றே கொடுக்கப்படும் போலியோ சொட்டு மருந்தின் வைரஸும் குடலில் இடத்துக்குப் போட்டியிடும். ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் மருந்து கொடுக்கும் நேரத்தில் தாய்ப்பாலை நிறுத்திவைக்கலாமா? ஆராய்ச்சியாளர்கள் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் பால் கொடுக்காமல் இருந்ததால் பலன் கூடவில்லை. எனவே தாராளமாகப் பால் கொடுக்கலாம். ஊசி வலியில் அழும் குழந்தைக்கு அதைவிட வேறு மருந்தும் இல்லை.

பாதிதானே என்று அலுத்துக்கொள்வோருக்கு ஒன்று: பாதிப்பின் அளவு பெரிதாக இருக்கும் இடத்தில் பாதி என்பது பெரிய எண். 2016-இல் ஆந்திரம், அரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் இந்த மருந்து நுழைந்தது. 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2019-இல் நாடு முழுவதும் பரவியது. அதன் பிறகு, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேரும் குழந்தைகளில் ரோட்டா வைரஸ் காணப்படும் பங்கு முன்பிருந்த 40 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ பாதியாக இறங்கியிருக்கிறது.

புதன்கிழமை நடக்க வேண்டியது

6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. ரோட்டாவேக் என்றால் ஒவ்வொரு முறையும் வாயில் 5 சொட்டு. இன்னொரு மருந்தான ‘ரோட்டாசில்’ அளவில் அதிகம். இரண்டு, இரண்டரை மில்லி வரும். ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுவார்கள். இரண்டில் எது கிடைத்தாலும் மூன்று தவணைதான். தனியார் மருத்துவமனைகளில் இரண்டே தவணை கொண்ட மருந்தும் கிடைக்கிறது. தொடங்கிய மருந்தையே தொடர்ந்து முடிப்பது நல்லது. ஊர் மாறும்போது தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்பு கொடுத்தது எது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

அன்றைக்கே போலியோ சொட்டு மருந்தும் கொடுப்பதால் பலர் குழம்புகிறார்கள். போலியோ 2 சொட்டு; ரோட்டாவேக் 5 சொட்டு. “சொட்டு மருந்து போட்டாகிவிட்டது” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அட்டையில் ரோட்டா என்ற வரிக்கு நேரே தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை மருந்தைத் துப்பிவிட்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். மறுபடி கொடுக்க வேண்டுமா என்பதை எவ்வளவு வெளியே வந்தது, எந்த மருந்து என்பதைப் பார்த்து அவர் முடிவு செய்வார். நீங்களாகவே வெளியில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

தாமதம்தான் இந்த மருந்துக்கு உண்மையான எதிரி. சளி பிடித்திருக்கிறது, பேரன் அழுவான், திருவிழா வருகிறது என்று தள்ளிப்போடுகிறோம். வேலூர் ஆய்வில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 6 மாதத்துக்குள் தொற்று வந்துவிட்டதை நினைவில் வைத்தால், மூன்றரை மாதத்தில் முடியவேண்டியது 7 மாதத்துக்குப் போவதன் பொருள் புரியும். ஒத்திகைக்கு முன்பே அரங்கேற்றம் நடந்துவிடும். லேசான சளி, லேசான காய்ச்சல் தடையே இல்லை. குழந்தை மிகவும் நோய்வாய்ப்பட்டிருந்தால் மட்டும் தேறிய பிறகு கொடுப்பார்கள். தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அரசுத் திட்டத்தில் முதல் தவணையை ஒரு வயதுக்குள் வாங்கிவிட வேண்டும்.

சிலருக்கு மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் லேசாக இளகிப் போகும், சிணுங்கும். இது உயிருள்ள மருந்து என்பதால் சில நாட்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறலாம். துணி மாற்றிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும்.

அரிதான, ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று குடல் செருகல். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வது. 1999-இல் அமெரிக்காவில் முதல் ரோட்டா மருந்து இதன் காரணமாகவே திரும்பப் பெறப்பட்டது. இப்போதுள்ள மருந்துகளில் சில வெளிநாடுகளில் மிகச் சிறிய கூடுதல் ஆபத்து காணப்பட்டது. இந்தியாவில் ரோட்டாவேக் கொடுத்த குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில், மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் மருந்து கொடுக்காத குழந்தைகளுக்கும், குறிப்பாக 4 முதல் 8 மாதத்தில், இது இயல்பாகவே வருவதுண்டு. குழந்தை திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும், சற்று அடங்கும், மறுபடி அழும். பச்சையாக வாந்தி வரலாம். சளியும் ரத்தமும் கலந்த சிவந்த கூழ் போல மலம் போகலாம். இதைக் கண்டால் ‘தொக்கம் எடுக்க’ப் போகாதீர்கள், உரம் விழுந்துவிட்டது என்று தட்டவும் கூடாது, நேராக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே குடல் செருகல் வந்த குழந்தைக்கும், பிறவியிலேயே கடும் நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் ரோட்டா மருந்து கொடுக்கமாட்டார்கள். அப்படி எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்து காக்காததைக் காப்பவை

பழக்கவழக்கங்கள் என்றதும் கை கழுவுதலிலிருந்து தொடங்குவது வழக்கம். நான் தாய்ப்பாலிலிருந்து தொடங்குகிறேன். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்றால், வெயில் காலத்திலும் தண்ணீர்கூட வேண்டாம் என்று பொருள். பிறந்தவுடன் நாக்கில் சேனை வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, உரை மருந்து என்று வசம்பும் ஜாதிக்காயும் இழைத்துக் கொடுப்பது ஆகியவற்றில் பொருளைவிட அது வந்த வழிதான் கவலை: யாருடைய விரல், எந்தக் கல், எந்தத் தண்ணீர். ஒரு துளிதானே என்பார்கள். 100 துகள் போதும் என்று மேலே சொன்னேன்.

அடுத்தது பால் புட்டி. ரப்பர் காம்பின் உட்புறத்தைச் சரியாகக் கழுவிக் காயவைப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்காத காரியம். தாய்ப்பாலைப் பிழிந்து கொடுக்க வேண்டிய நிலை வந்தால் பாட்டி காலத்துப் பாலாடையே மேல்: திறந்த பாத்திரம், மூலை முடுக்கு இல்லை, கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துவிடலாம்.

கை கழுவுவது எத்தனை முறை என்பதைவிட எப்போது என்பது முக்கியம். மலம் கழித்த பிறகு, குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்த பிறகு, சமைக்கவும் ஊட்டவும் தொடங்கும் முன். இந்த நேரங்களில் சோப்புப் போட்டுக் கழுவினாலே வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவற்றில் இரண்டாவதுதான் அதிகம் தவறுகிறது, ஏனென்றால் பச்சைக் குழந்தையின் மலத்தில் அசுத்தம் இல்லை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. அந்தத் துணியை வாசல் குழாயடியில் அலசி, தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறோம். பக்கத்திலேயே அடுத்த வீட்டுக் குழந்தை தவழ்கிறது. நோய்க்கிருமி மிகுதியாக இருப்பது பெரியவர்களுடையதைவிடக் குழந்தையின் மலத்தில்தான். அதைக் கழிப்பறையிலேயே கொட்ட வேண்டும், அலசிய நீரையும் சேர்த்து.

தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிறகு மூடி வைத்த பாத்திரத்தில் தம்ளரை விரலோடு முக்கி எடுத்தால், கொதிக்கவைத்த கேஸ் வீண். குழாய் பொருத்திய பாத்திரமோ நீண்ட பிடியுள்ள கரண்டியோ வைத்துக்கொள்ளலாம். கேன் தண்ணீர் என்பதாலேயே அது சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 6 மாதத்துக்குப் பிறகு ஊட்டும் பருப்புச் சாதத்தையும் கஞ்சியையும் அவ்வப்போது செய்து ஊட்டுங்கள். காலையில் குழைத்ததை வெளியே வைத்திருந்து மாலையில் ஊட்டினால், இடையில் அதில் பாக்டீரியா பெருகியிருக்கும்.

அப்படியும் வந்துவிட்டால்: 8 கிலோ குழந்தை ஒன்று

மூன்று தவணையும் வாங்கிய 9 மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 8 கிலோ. இரவு இரண்டு முறை வாந்தி, லேசான காய்ச்சல். விடியும்போது தண்ணீராகப் பேதி. காலை 10 மணிக்குள் ஆறு முறை போய்விட்டது.

பேதி தொடங்கியதுமே வீட்டில் ஓ.ஆர்.எஸ். கரைத்திருக்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கிடைக்கும் பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். கடையில் 200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு. உறையில் எழுதிய அளவைப் படிக்காமல் பெரிய பொட்டலத்தை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு அபாயகரமாகக் கூடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூளை எடுத்துக் கரைத்தால் அளவு தவறும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

இந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படி வேலை செய்கிறது? குடல் செல்களில் ஒரு வாசல் உண்டு. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். அவற்றோடு தண்ணீரும் போகும். ரோட்டா குடல் முழுவதையும் அழிப்பதில்லை, திட்டுத்திட்டாகத்தான் தாக்குகிறது. மிஞ்சிய இடங்களில் இந்த வாசல் வேலை செய்கிறது. ஆனால் சர்க்கரை அளவுக்கு மீறினால் விளைவு தலைகீழ்: குடலுக்குள் தங்கிய சர்க்கரை உடலிலிருந்து நீரை இழுத்து, பேதியை அதிகமாக்கும். குளிர்பானம், பழச்சாறு, குளுக்கோஸ் தூள் எல்லாம் இந்தக் குழந்தைக்கு ஆகாததற்குக் காரணம் இதுதான். இளநீரில் உப்பு போதாது. மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு அட்டைப் பெட்டியில் விற்கப்பட்ட இனிப்புப் பானங்கள் பல காலம் பெற்றோரை ஏமாற்றின. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவற்றில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குழந்தைக்கு வருவோம். 10 மணிக்குத் தாய் பார்க்கிறார்: கண் சற்றுக் குழிவிழுந்திருக்கிறது, எரிச்சலோடு அழுகிறது, கரண்டியைக் கண்டதும் தாகத்தோடு பாய்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே சமமாகாமல் மெல்ல இறங்குகிறது. இவற்றில் இரண்டு இருந்தாலே ஓரளவு நீரிழப்பு என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டிய நேரம் இது. அங்கே செய்வது எளிய கணக்கு: கிலோவுக்கு 75 மில்லி. 8 கிலோவுக்கு 600 மில்லி ஓ.ஆர்.எஸ். 4 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். மணிக்கு 150 மில்லி. 5 மில்லி பிடிக்கும் தேக்கரண்டியால் 30 கரண்டி. அதாவது 2 நிமிடத்துக்கு ஒரு கரண்டி.

இந்தக் கணக்கை மனதில் வைத்தால் “கொடுத்தால் வாந்தி எடுக்கிறான்” என்ற புகார் பெருமளவு தீரும். தாகத்தில் தவிக்கும் குழந்தைக்கு அரைத் தம்ளரை ஒரே மூச்சில் கொடுத்தால் வாந்தி வரத்தான் செய்யும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, முன்பைவிட மெதுவாகத் தொடர வேண்டும். கை வலிக்கும், பொறுமை போகும். அத்தையும் அப்பாவும் மாறிமாறி உட்காரலாம். இடையிடையே தாய்ப்பால் உண்டு.

4 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். கண் தெளிந்து, சிறுநீர் கழித்து, தோல் சட்டென்று சமமானால் வீட்டுக்கு அனுப்புவார்கள். பேதி இன்னும் இரண்டு மூன்று நாள் போகலாம். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துவதில்லை, உயிரைக் காக்கிறது. இது தெரியாததால்தான் பலர் அதைக் கைவிட்டு, பேதியை நிறுத்தும் மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். சிறு குழந்தைக்கு அந்த மாத்திரை ஆபத்து. வீட்டில் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் 100 முதல் 200 மில்லி.

சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போட்டால் குடலில் புதுச் செல் முளைக்க வழியில்லாமல் போகும். குழைந்த சாதம், பருப்பு, இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் எல்லாம் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்கலாம். கூடவே துத்தநாக மாத்திரை: 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு அதில் பாதி, தாய்ப்பாலிலோ சுத்தமான நீரிலோ கரைத்து 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவது எங்கும் காணும் பழக்கம். மிச்சப் 11 நாளும் கொடுத்தால்தான் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் பேதி மீண்டும் வரும் வாய்ப்பு குறைகிறது.

சில அறிகுறிகளுக்குக் கரண்டியும் கணக்கும் போதாது. குழந்தை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் விழிக்கவில்லை. குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது. கிள்ளிய தோல் 2 நொடிக்கு மேல் அப்படியே நிற்கிறது. மலத்தில் ரத்தம். 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்; இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டியிருக்கலாம். வண்டி வரும்வரை, விழுங்க முடிகிற குழந்தைக்கு மட்டும் கரண்டியால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டிருங்கள். மருத்துவர் கேட்கப்போவது மூன்று: எப்போது தொடங்கியது, எத்தனை முறை போனது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது. தாய் சேய் நல அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த எடை அதில் இருக்கும்.